செஃப்ட்ரியாக்சோன் ஊசி: வலியும் காத்திருப்பும்

"மன்னார்குடி பக்கம் சின்ன கிளினிக்கில் நர்ஸ். செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் இடுப்பில் போட்டால் ஆள் துடித்துப் போகிறார். பெட்டியில் வரும் தண்ணீரில்தான் கலக்கிறேன்."

சிஸ்டர், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் 10 மில்லி, நரம்பில் போடுவதற்கான அளவு. தசைக்கு அது அதிகம். குறைத்து ஊற்றினாலும் வெறும் தண்ணீரில் எரியத்தான் செய்யும். டாக்டரிடம் கேட்டு 1% லிக்னோகெய்னில் கலக்குங்கள், 1 கிராமுக்கு 3.5 மில்லி. கையில் 2% வயல்தான் இருந்தால் அதையும் ஊசித் தண்ணீரையும் பாதிக்குப் பாதி சேர்த்தால் 1% ஆகிவிடும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதயத்துடிப்புக் கடத்தலில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இந்த வழியே கூடாது.

பிட்டத்தின் மேல்-வெளிப் பகுதியில், ஒன்றரை அங்குல ஊசியால் ஆழமாக, மெதுவாகப் போடுங்கள். போடுமுன் பிஸ்டனை இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் அதைப் போடாதீர்கள். லிக்னோகெய்ன் கலந்த மருந்து நரம்புக்குள் போகவே கூடாது.

அப்புறம், நடவு வயலிலிருந்து வந்தவர் பஸ்ஸுக்கு அவசரப்படுவார். அரை மணி நேரம் கண்ணெதிரே உட்கார வையுங்கள். டெஸ்ட் டோஸ் ஒத்துக்கொண்டது என்பது உத்தரவாதம் இல்லை. வெறும் வயிற்றில் வந்தவர் மயங்கினால் பெரும்பாலும் நாடி மெதுவாக இருக்கும், படுத்ததும் தெளிவார். நாடி வேகமாகி, தடிப்பும் அரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அது அலர்ஜி. பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லி (1 மில்லியில் 1 மி.கி.) தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே. அவிலும் டெக்ஸாவும் அதற்குப் பிறகுதான். காலை உயர்த்திப் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள்.