‘இப்போதைக்கு’ என்ற ஒரு சொல்

மேடம்,

எனக்கு வயது 29. நிச்சயமான திருமணம் நின்றுபோய் ஆறு வாரம் ஆகிறது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்ஸ்டாகிராமில் போட நாலு வரி வேண்டும். யாரையும் குறை சொல்லாமல், கௌரவமாக. ஆனால் எப்படி எழுதினாலும் தப்பாகத்தான் படிப்பார்கள் போலிருக்கிறது. சுருக்கமாக எழுதினால், ‘இவள் பக்கம் ஏதோ இருக்கிறது, அதான் மழுப்புகிறாள்’ என்பார்கள். விளக்கினால் ஊரே பஞ்சாயத்துக்கு வரும். அவர் வீட்டில் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வேலையை விடச் சொன்னது அவர்கள். ‘அனுசரிக்கத் தெரியாதவள்’ என்ற பெயர் எனக்கு. நான் மட்டும் ஏன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்?

நேற்று எழுதியது இது: “சுயமரியாதையை விட்டுக்கொடுத்துத் தொடங்கும் உறவு நிலைக்காது என்பதால், தவிர்க்க முடியாத காரணங்களால், எங்கள் திருமணம் இப்போதைக்கு நடைபெறாது என்பதைக் கனத்த மனதோடு தெரிவித்துக்கொள்கிறேன். உண்மை ஒருநாள் தெரியும். அனைவருக்கும் நன்றி.” தோழி நன்றாக இருக்கிறது என்றாள். தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். இதோடு பதினோரு முறை எழுதிவிட்டேன். அவர் இன்னும் நிச்சயதார்த்தப் படத்தை எடுக்கவில்லை, தினமும் போய்ப் பார்க்கிறேன், அது வேறு விஷயம். ‘கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகிறது’ என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டியிருக்கிறது. வேலையை விடச் சொன்னது அவர்கள், பதில் சொல்வது மட்டும் நானா? எப்படித்தான் எழுதுவது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அது வேறு விஷயம் இல்லை. அதுதான் விஷயம்.

அவர் பக்கத்தில் அந்தப் படம் இருக்கும் வரை எதுவும் முழுதாக முடிந்துவிடவில்லை என்று உங்களுக்குள் ஒரு மூலையில் தோன்றுகிறது. நீங்கள் பதிவிட்டால் அவர் அதை எடுத்துவிடுவார். அதனால்தான் வாசகம் அமையவே மாட்டேன் என்கிறது. உங்கள் பக்கத்திலும் அதே படம் இருக்குமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே? எடுத்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கை ஏன் சிரித்தாள் என்று எனக்குப் புரிகிறது. அந்த வரிகளை இன்னொரு முறை, உங்களோடு அலுவலகத்தில் வேலை செய்யும் யாரோ ஒருவராகப் படித்துப் பாருங்கள். ‘என்பதால்’ என்ற சொல் வந்த இடத்திலேயே அது அறிவிப்பு என்ற நிலையைத் தாண்டி வழக்காகிவிட்டது. ‘சுயமரியாதை’ என்றால் அதை யாரோ கேட்டுவாங்கப் பார்த்தார்கள் என்று பொருள். ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ மரியாதையான சொற்கள்தான், ஆனால் காரணம் என்ற சொல்லைக் காட்டிவிட்டு காரணத்தை மறைத்தால், படிப்பவர் அன்று மாலையே போன் செய்து கேட்பார். ‘உண்மை ஒருநாள் தெரியும்’ என்பதைப் படித்து உங்கள் அலுவலகத் தோழருக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒருவருக்குத்தான் அது தைக்கும். பதினோரு முறையும் நீங்கள் எழுதியது அந்த ஒருவருக்கு. மற்றவர்கள் சாட்சிகள்.

அத்தனை கோபத்துக்கும் நடுவில் ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறதே, பார்த்தீர்களா? சுயமரியாதை பேசுகிற பெண் கதவைச் சாத்துகிறாள். ‘இப்போதைக்கு’ என்று எழுதுகிற பெண் தாழ்ப்பாள் போடாமல் நிற்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தை எழுதினால் அது எப்படி அமையும்?

நம்பிக்கை இருப்பது குற்றமில்லை. ஆறு வாரம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் அவரிடமே கேளுங்கள். அவர் வீட்டார் சொன்னதை அவரும் நம்புகிறாரா, வேலை விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரே ஒரு முறை, நேராக. நானூறு பேர் படிக்கிற பதிவில் அவருக்கு மட்டும் புரியும்படி ஒரு வரியை ஒளித்துவைப்பது பேச்சாகாது. அவர் பதிலும் அப்படியே ஒளிந்துகொண்டுதான் வரும். படத்தை எடுக்காமலிருப்பது பதில்தானா என்று நீங்கள் தினமும் அலசுவது போல.

இன்னொன்று, இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. நீங்கள் மட்டும் ஏன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். காரணம் சொல்லாமலிருப்பது அவருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு என்று நினைக்கிறீர்கள். அவர் வீட்டார் அநியாயமாகப் பேசியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிவிப்பு அவருக்கோ உங்களுக்கோ ஆனது இல்லை. கல்யாணத் தேதியை நம்பி விடுப்பு எழுதிக்கொடுத்தவர்களுக்கும், வழியில் பார்த்தால் ‘வேலையெல்லாம் எப்படிப் போகிறது’ என்று வெள்ளந்தியாகக் கேட்பவர்களுக்கும் ஆனது. ஆறு வாரமாக அவர்களைத் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கேள்வி உங்களைக் குத்துகிறது என்றால் அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு வாக்கியம். அதிலும் வினைச்சொல்தான் எல்லாம். ‘நிறுத்தப்பட்டது’ என்றால் யாரால் என்ற கேள்வி வரும். ‘நிறுத்திவிட்டேன்’ பெருமையாகவும் படிக்கப்படும், குற்ற ஒப்புதலாகவும் படிக்கப்படும். ‘இருவரும் பேசி முடிவெடுத்தோம்’ என்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் அவர் சார்பில் பேச முடியாது. நாளைக்கே அவர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தால்? ‘தள்ளிப்போகிறது’ பொய். மிச்சமிருப்பது ‘நடைபெறாது’. அதில் செய்தவரும் இல்லை, சந்தேகமும் இல்லை. அதை வைத்து எழுதினால் இவ்வளவுதான்:

“எங்கள் திருமணம் நடைபெறாது. வாழ்த்திய அனைவருக்கும் என் நன்றி. இது பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை. புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.”

மொட்டையாக இருக்கிறது என்று தோன்றும். தோன்றட்டும். ‘கனத்த மனதோடு’ என்று சேர்க்கக் கை துடிக்கும். சேர்த்தால் தப்பில்லை, ஆனால் அடுத்த ஒரு வாரம் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். மழுப்புகிறாள் என்று சிலர் சொல்லத்தான் செய்வார்கள். பத்துப் பக்கம் விளக்கினாலும் அவர்கள் அதையேதான் சொல்வார்கள்.

நெருங்கியவர்களுக்கு இது பதிவில் தெரியக் கூடாது. அவர்களுக்கு ஒரு நாள் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். கமெண்ட் வசதியை அணைத்துவிட்டு, சாதாரணப் பதிவாகப் போடுங்கள். ஸ்டோரியாக வேண்டாம். ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில் யார் பெயரைத் தேடுவீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதிவிடுவதற்கு முன்பு உங்கள் பக்கத்துப் படத்தை எடுத்துவிடுங்கள். அழிக்க மனம் வராவிட்டால் ஆர்க்கைவ் செய்யுங்கள், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் படம் அவர் பாடு. எடுத்தாலும் சரி, ஒரு வருடம் அப்படியே விட்டாலும் சரி, அது உங்களுக்கு எழுதப்பட்ட கடிதம் இல்லை.

போடுகிற அன்று வரிகளைத் தங்கையிடம் காட்டுங்கள். தோழி வேண்டாம், தங்கைதான். அவள் சிரிக்காமல் படித்து முடித்தால், போனை அன்று இரவு அவளிடமே கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.