செல்வமகள் கணக்கிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணம்

கேள்வி: ஐயா, நான் ராமநாதபுரம் பக்கம். ஆறு வருஷமாக சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பெர்மிட்டில் வேலை செய்கிறேன். மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, 2015 ஆகஸ்ட் 12-ல், ஊர் போஸ்ட் ஆபீஸில் செல்வமகள் கணக்கு தொடங்கி மாதம் ஆயிரம் கட்டி வந்தேன். கடைசி இரண்டு வருஷம் கட்ட முடியவில்லை. பாஸ்புக்கில் 2025 மார்ச் 31 அன்று 1,46,500 இருக்கிறது. இப்போது மகளுக்கு 18 முடிந்து நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. 82,000 கேட்கிறார்கள். இன்னும் மூன்று வருஷத்தில் 21 வயதானால் முழுப் பணமும் வரும் என்கிறார்கள். இப்போதே எடுக்க வழி உண்டா? கணக்கு தொடங்கிய நான்தான் நேரில் போகவேண்டுமா, இல்லை கோலாலம்பூர் ஹை கமிஷனில் பவர் எழுதி அனுப்பலாமா? கடை முதலாளியம்மா தன் பேத்திக்கும் இந்தக் கணக்கு போடலாமா என்று கேட்கச் சொன்னார்.

பதில்: டிக்கெட்டும் போடவேண்டாம், பவரும் எழுதவேண்டாம். மகளுக்கு 18 வயது நிறைந்த நாளோடு பாதுகாவலர் என்ற முறையில் அந்தக் கணக்கில் உங்களுக்கு இருந்த அதிகாரம் முடிந்துவிட்டது. இனி அதை நடத்தவேண்டியவர் உங்கள் மகள். இப்போது நீங்கள் நேரில் போய் நின்றாலும் உங்கள் கையெழுத்தை வைத்துப் பணம் தரமாட்டார்கள். இல்லாத அதிகாரத்தைப் பவர் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாலே கல்விக்கு எடுக்கலாம் என்பதால், மகளுக்கு 17 வயதாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் கையெழுத்து தேவைப்பட்டிருக்கும்.

ஆகவே மகள் முதலில் தபால் நிலையத்துக்குப் போய், தனக்கு 18 ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்து, ஆதார், பான் அட்டை, வயதுச் சான்று, புகைப்படம், மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றைக் கொடுத்து கணக்கைத் தன் பொறுப்புக்கு மாற்றிக்கொள்ளட்டும். பணம் போய்ச் சேர அவர் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருப்பது நல்லது. உங்கள் மனைவி துணைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அதே நாளில் கட்டாமல் விட்ட இரண்டு ஆண்டுகளையும் சரிசெய்துவிடுங்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. ஒரு நிதியாண்டில் குறைந்தது 250 ரூபாய் கட்டவேண்டும். கட்டாத ஆண்டு ஒவ்வொன்றுக்கும் அந்த 250-உம் அபராதம் 50-உம். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 600 ரூபாய். நடப்பு ஆண்டுக்கு ஒரு 250 போட்டுவிட்டால் அடுத்த மார்ச் வரை கவலையில்லை. மாதம் ஆயிரம் கட்டி வந்ததால் ஆயிரமே கட்டாயம் என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி எந்த விதியும் கிடையாது. 1,50,000 என்ற உச்சவரம்புக்குள், முடிந்தபோது முடிந்ததைக் கட்டலாம். 2019-ல் வந்த திட்ட விதிகளின்படி, தவணை தவறிய கணக்குக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி, எவ்வளவு எடுக்கலாம் என்பது. முந்தைய நிதியாண்டின் கடைசி நாளில் இருந்த இருப்பில் பாதிதான் உச்சவரம்பு. 1,46,500-இல் பாதி 73,250. ஆனால் பாதி இருக்கிறது என்பதற்காகப் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள். சேர்க்கைக் கடிதத்திலோ கட்டணச் சீட்டிலோ கல்லூரி என்ன தொகை கேட்டிருக்கிறதோ அதுவரைதான் கொடுப்பார்கள். பெரும்பாலும் கோளாறு வருவது இந்த இடத்தில்தான். நீங்கள் சொல்லும் 82,000-இல் படிப்புக் கட்டணம் 48,000, விடுதிக்கு 34,000 என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் கட்டணத்துக்கு மட்டும் சீட்டு கொடுத்துவிட்டு, விடுதிப் பணத்தை வாய்வார்த்தையாகக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. அந்தச் சீட்டை நீட்டினால் 48,000-தான் கிடைக்கும். சேர்க்கையின்போது கட்டவேண்டிய மற்ற கட்டணங்களையும் விதி ஏற்கிறது, ஆனால் அவை எழுத்தில் இருக்கவேண்டும். அதனால் கல்லூரி முத்திரையோடு, விடுதி உட்பட எல்லாக் கட்டணமும் தனித்தனி வரியாக உள்ள ஒரே சீட்டாக வாங்கச் சொல்லுங்கள். அப்போது 73,250 முழுதும் கேட்கலாம், கையிலிருந்து போடவேண்டியது 8,750 மட்டும். பணத்தைக் கட்டி முடித்து ரசீது வாங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. உறுதியான சேர்க்கைக் கடிதமோ கட்டணம் கேட்கும் சீட்டோ போதும். போவதற்கு முன், மார்ச் 31 வட்டி வரவு பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கணக்கு அந்த இருப்பை வைத்துத்தான்.

ஒரே தடவையாக எடுக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை வீதம் ஐந்து ஆண்டு வரை பிரித்தும் எடுக்கலாம். அப்படிப் பிரித்தாலும் அந்தப் பாதி என்ற வரம்புக்குள்தான். இந்த ஆண்டு 48,000 போதும் என்றால், மிச்சம் 25,250-ஐ அடுத்த ஆண்டுக் கட்டணச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

21 வயதில் முழுப் பணம் என்பது தவறு. கணக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் 21 ஆண்டு. உங்கள் மகள் கணக்கு முதிர்வது 2036 ஆகஸ்ட் 12 அன்று. அப்போது அவருக்கு 29 வயது நடக்கும். பணம் கட்டுவது தொடங்கியதிலிருந்து 15 ஆண்டு, அதாவது 2030 ஆகஸ்ட் வரை. அதன்பின் கட்டாமலேயே முதிர்வு வரை வட்டி சேரும். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். இது காலாண்டுக்கு ஒரு முறை மாறக்கூடியது. மாறாமல் இருந்தால், பாதி எடுத்தபின் மிஞ்சும் 73,250 மட்டுமே முதிர்வின்போது சுமார் 1,74,000 ஆகியிருக்கும்.

முழுப் பணத்தையும் இப்போதே எடுக்க ஊரில் யாராவது குறுக்குவழி சொல்வார்கள்: கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தால் கணக்கை முடித்துத் தந்துவிடுவார்கள் என்று. 18 வயதுக்குமேல் திருமணத்துக்காகக் கணக்கை முடிக்கலாம் என்பது உண்மைதான். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான் அந்தச் சலுகை. அதற்கு முத்திரைத்தாளில், நோட்டரி சான்றோடு உறுதிமொழி கொடுக்கவேண்டும். 8,750 ரூபாய்க்காக அந்தப் பெண் தன் கையெழுத்தில் ஒரு பொய் உறுதிமொழி கொடுத்து வழக்கில் மாட்டவேண்டாம். கடையில் முன்பணம் கேட்டு அனுப்புங்கள்.

நீங்கள் மலேசியாவில் இருப்பது கணக்கைப் பாதிக்காது. பார்க்கப்படுவது மகளின் குடியிருப்பு. நர்சிங் முடித்து அவரே வெளிநாட்டு வேலைக்குப் போனால் நிலைமை மாறும். இந்தக் கணக்கு இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகளுக்கானது. போவதற்கு முன்பே தபால் நிலையத்தில் தெரிவித்து, கணக்கை என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கல்லூரிக்காக வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் கணக்கை அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே மாற்றிக்கொள்ளலாம்.

முதலாளியம்மாவின் பேத்தி மலேசியக் குடிமகள் என்றால் இந்தக் கணக்கு கிடையாது. ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் பெயரில் பாதுகாவலர் போட்டுத் தொடங்கலாமே என்று யாராவது சொன்னாலும் செய்யவேண்டாம். பொய்யான விவரத்தில் தொடங்கிய கணக்கு, பணம் எடுக்கப் போகும் நாளில்தான் சிக்கும். அவர்களுக்கு இங்கேயே பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பு இருக்கிறது. அதில் பேரனுக்கும் சேர்த்தே போடலாம்.