புது ஜப்பானிய ஆசிரியரைச் சானா, குன்னா, சென்செய்யா எப்படி அழைப்பது?

கேள்வி: அடுத்த வாரம் ஜப்பானிய வகுப்பு தொடங்குகிறது. ஆசிரியர் பெயர் யூகோ தனாகா. யூகோ சான் என்று கூப்பிடலாமா?

வேண்டாம், "தனாகா சென்செய்" என்று அழையுங்கள். சென்செய் என்றால் ஆசிரியர்; சான், குன் போலப் பெயருக்குப் பின்னால் சேரும் மரியாதைச் சொல். தனாகா என்பதுதான் குடும்பப் பெயர், சென்செய் அதோடுதான் சேரும். ஜப்பானிய வழக்கில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதால், அவரே தன்னை "தனாகா யூகோ" என்று அறிமுகம் செய்யலாம், குழம்ப வேண்டாம். நேரில் பேசும்போது பெயரே இல்லாமல் வெறும் "சென்செய்" என்றாலும் போதும். "நீங்கள்" என்று சொல்ல நினைத்து "அனாத்தா" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் இருந்தாலும் ஆசிரியரிடம் அது மரியாதைக் குறைவாகப் படும்.

சான் தவறான சொல் இல்லை. அக்கம்பக்கத்தார், சக மாணவர், கடைக்காரர் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் உங்களுக்குப் பாடம் நடத்துபவரைச் சான் என்றால், அவருடைய ஆசிரியர் இடத்தை நீங்கள் கண்டுகொள்ளாதது போல இருக்கும். அவரே "சான் போதும்" என்றால் சரி, மாற்றிக்கொள்ளலாம்.

குன் மேலிருந்து கீழே போகும் சொல். பேராசிரியர் மாணவரை, மேலாளர் இளைய ஊழியரை, பெரும்பாலும் ஆண்களை, அப்படி அழைப்பார். ஜப்பான் நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் உறுப்பினர்களைக் குன் என்று அழைப்பது தனி மரபு. 1993இல் அவைத்தலைவரான தகாகோ தோய் அதைச் சான் என்று மாற்றிப் பார்த்தார்.

மின்னஞ்சலிலும் "தனாகா சென்செய்" என்றே தொடங்குங்கள். கூடுதல் மரியாதை என்று பின்னால் சமா சேர்த்தால் அது இரட்டிப்பாகிவிடும். அப்புறம், உங்கள் பெயருக்குப் பின்னால் நீங்களே சான் போடக்கூடாது.