இரண்டு ரிப்போர்ட், இரண்டு பெயர் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

என் தம்பிக்கு 24 வயது. ஒன்றரை வருஷமாக வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியும் வருகிறது. ஊரில் மூலம் என்றார்கள். திருநெல்வேலியில் ஒரு டாக்டர் குழாய் விட்டு 40 செ.மீ. வரை பார்த்தார். மலக்குடலிலிருந்து இடைவெளியில்லாமல் சிவந்திருக்கிறது, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று சொல்லி மெசலமைன் மாத்திரையும் எனிமாவும் கொடுத்தார். ரத்தம் குறைந்தது. ஆனால் வலது அடிவயிற்றில் வலி வந்துவிட்டது, ஆளும் மெலிகிறான். இப்போது வேறொரு இடத்தில் முழு கொலோனோஸ்கோபி செய்தார்கள். சிறுகுடலின் கடைசியில் ஆழமான புண்கள், பெருங்குடலின் இடதுபக்கம் அங்கங்கே சிவப்பு, வலதுபக்கமும் மலக்குடலும் நன்றாக இருக்கின்றன. இது க்ரோன்ஸ் என்கிறார்கள். பயாப்ஸியில் கிரானுலோமா இல்லை என்று எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி க்ரோன்ஸ்? முதலில் பார்த்தவர் தப்பாகச் சொல்லிவிட்டாரா? மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குப் பௌத்திரம் ஆபரேஷன் நடந்தது. சம்பந்தமில்லை என்று இரண்டு டாக்டரிடமும் சொல்லவில்லை.

ம., வீரவநல்லூர்

அன்புள்ள ம.,

நீங்கள் கடைசியில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். அந்தப் பௌத்திரத்தை நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடலை மேசையில் விரித்துப் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. குடல் சுவரில் உள்ளிருந்து வெளியே சளிச்சவ்வு, அதன் கீழ் ஒரு தளர்ந்த அடுக்கு, அப்புறம் தசை, கடைசியில் மெல்லிய வெளியுறை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வந்த பெருங்குடலை வெளியிலிருந்து பார்த்தால் அநேகமாகச் சாதாரணமாகவே தெரியும். நீளவாக்கில் வெட்டித் திறந்தால்தான் உள்பக்கம் முழுக்கச் சிவந்து ரணமாக இருப்பது தெரியும். அழற்சி சளிச்சவ்வோடும் அதை ஒட்டிய கொஞ்ச ஆழத்தோடும் நின்றுவிடும். நோய் மிகவும் முற்றிக் குடல் வீங்கிப்போகிற ஆபத்தான கட்டத்தில் மட்டும் இந்த விதி உடையும். க்ரோன்ஸ் குடல் அப்படியல்ல. கையில் எடுத்தாலே விறைப்பாக இருக்கும், சுவர் தடித்திருக்கும், வெளிக் கொழுப்பு குடலின் மேல் ஏறிப் படர்ந்திருக்கும். அழற்சி நான்கு அடுக்கையும் ஊடுருவிவிட்டது என்பதை வெட்டாமலே சொல்லலாம்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கன்னடியன் கால்வாய் தெரியும். தண்ணீர் கரையின் உள்முகத்தை மட்டும் நீளத்துக்கு அரித்துக்கொண்டே போவது ஒன்று. ஓரிடத்தில் கரையைத் துளைத்து அடுத்த வயலுக்குள் பாய்வது இன்னொன்று. க்ரோன்ஸ் இந்த இரண்டாவது வகை. புண் சுவரைத் தாண்டி பக்கத்துக் குடலுக்கோ, சிறுநீர்ப்பைக்கோ, தோலுக்கோ வழி போட்டுவிடும். ஆசனவாய்ப் பக்கம் அப்படி விழுகிற வழிதான் பௌத்திரம். பௌத்திரம் வந்தவர்களுக்கெல்லாம் க்ரோன்ஸ் கிடையாது. பெரும்பாலோருக்கு அங்குள்ள சுரப்பியில் சீழ் பிடித்து வருவதுதான். ஆனால் குடல் அழற்சியும் இருக்கிற 24 வயதுப் பையனுக்கு முன்பே பௌத்திரம் இருந்தது என்றால், எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்கார்வார்.

இனி பயாப்ஸி. கொலோனோஸ்கோபி வழியாக உள்ளே போகும் இடுக்கி கிள்ளி எடுப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதை. அதில் சளிச்சவ்வு இருக்கும், அடுத்த அடுக்கில் கொஞ்சம் வந்தால் அதிர்ஷ்டம். தசை வராது, வரவும் கூடாது, வந்தால் குடல் ஓட்டையாகிவிடும். ஆக, அழற்சி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற கேள்விக்குப் பயாப்ஸியால் நேராகப் பதில் சொல்ல முடியாது. கிரானுலோமா என்பது அழற்சி செல்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கும் சின்னக் கூட்டம். அது கிடைத்தால் க்ரோன்ஸ் பக்கம் சாயலாம். ஆனால் க்ரோன்ஸ் நோயாளிகளில் சிறுபான்மையோருக்குத்தான் இந்தச் சின்னத் துண்டுகளில் அது அகப்படும். 'கிரானுலோமா இல்லை' என்ற வரிக்கு 'க்ரோன்ஸ் இல்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள்.

ஆழத்தை நேரே பார்க்க முடியாதபோது, நோய் எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் கணிப்பார்கள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும், பெருங்குடலைத் தாண்டாது. க்ரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், நடுவில் நல்ல குடலை விட்டுவிட்டுத் தாவும், சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்குப் பிடித்த இடம். 1932-இல் நியூயார்க்கில் க்ரோன் என்ற டாக்டரும் இரு சகாக்களும் இதைப் பற்றி எழுதியபோது அந்தக் கடைசிப் பகுதியின் நோயாகத்தான் எழுதினார்கள். பெருங்குடலிலும் இதே நோய் வரும் என்பது லண்டன் டாக்டர்கள் லாக்ஹார்ட்-மம்மரியும் மோர்சனும் 1960-இல் எழுதிய பிறகே நிலைபெற்றது.

சரி, தம்பியின் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் டாக்டர் பார்த்தது 40 செ.மீ. பெருங்குடல் மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், சிறுகுடல் அதற்கும் அப்பால். அவர் பார்த்த தூரத்தில் மலக்குடலிலிருந்தே தொடர்ச்சியான சிவப்பு இருந்தது. அதை வைத்து அவர் வைத்த பெயர் நியாயமானது.

இரண்டாவது ரிப்போர்ட்டில் மலக்குடல் நன்றாக இருக்கிறது, சிவப்பு அங்கங்கே இருக்கிறது என்பதை நான் பெரிய சாட்சியாக எடுக்கமாட்டேன். மாதக்கணக்கில் எனிமா வைத்தவருக்கு மலக்குடல் ஆறியிருக்கும், மருந்தினால் நோய் திட்டுத்திட்டாகவும் தெரியும். சிறுகுடல் புண்கள்தான் கனமான சாட்சி. அல்சரேட்டிவ் கோலைட்டிஸிலும் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர் சிவக்கலாம். ஆனால் அது பெருங்குடல் முழுக்க, வலதுகோடி வரை நோய் இருப்பவர்களுக்கு வருவது, லேசானது, ஆழமாகப் புண்ணாகாது. தம்பிக்கோ வலதுபக்கம் சுத்தம், அதைத் தாண்டிச் சிறுகுடலில் ஆழமான புண். இதோடு பௌத்திரத்தையும் சேர்த்தால் எனக்கும் க்ரோன்ஸ் பக்கமே மனம் போகிறது.

ஆனால் நம் நாட்டில் இந்த இடத்தில் இன்னொரு ஆசாமி ஒளிந்திருப்பான்: குடல் காசநோய். அதுவும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே மூலையைத்தான் பிடிக்கும், மெலிய வைக்கும். அதில் புண்கள் குடலின் குறுக்காக ஓடும், க்ரோன்ஸில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. சதையை டிபி பரிசோதனைக்கு அனுப்பினார்களா, நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தார்களா என்று கேளுங்கள். டிபி இருக்கும்போது நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோ பயாலஜிக் ஊசியோ கொடுத்தால் அது பரவும்.

அடுத்து எம்.ஆர். என்டெரோகிராபி என்ற சிறுகுடல் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். கொலோனோஸ்கோபி உள்முகத்தை மட்டும் காட்டும், இது சுவரையே காட்டும். நன்றாக விரிந்த சிறுகுடலின் சுவர் 3 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். எவ்வளவு தடித்திருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது, வெளியே சீழ் தேங்கியிருக்கிறதா எல்லாம் இதில் தெரியும். வலது அடிவயிற்று வலிக்கும் இங்கேதான் விடை கிடைக்கும்.

பெயர் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதானே என்று சொந்தக்காரர்கள் யாராவது சொல்வார்கள். ஸ்டீராய்டு இரண்டுக்கும் பொதுதான். ஆனால் மெசலமைன் குடலின் உள்முகத்தில் பட்டு வேலை செய்வது. மேலோட்டமான நோய்க்கு நல்ல மருந்து, சுவர் முழுக்கப் போன நோயில் பெரிதாக உதவாது. தம்பிக்கு ரத்தம் குறைந்தும் எடை ஏறாததற்கு இது காரணமாக இருக்கலாம். ஆபரேஷன் என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்தால் குடலில் அந்த நோய்க்கு இடமில்லாமல் போகிறது. க்ரோன்ஸில் கெட்ட பகுதியை வெட்டி இணைத்தாலும், பெரும்பாலும் அந்த இணைப்பை ஒட்டியே மறுபடி தலைகாட்டும். அதனால் அங்கே எவ்வளவு குறைவாக வெட்டலாம் என்றுதான் பார்ப்பார்கள்.

அதுவரை மெசலமைனை நீங்களாக நிறுத்த வேண்டாம். தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஆசனவாய்ப் பக்கம் மறுபடி வலியோடு வீங்கினாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். சீழ் இருந்தால் அதை முதலில் வடித்துவிட்டுத்தான் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை ஆரம்பிக்க முடியும்.