வெள்ளத்தில் சான்றிதழ் போனால் சத்தியக்கடதாசி போதுமா?

"சேர், நாங்கள் கிரான் பக்கம். வெள்ளத்தில் பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ் எல்லாம் போய்விட்டது. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சத்தியக்கடதாசி கொடுத்தால் ஏற்பார்களா?"

அதை மட்டும் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், மகள். சத்தியக்கடதாசி என்பது சான்றிதழ் இப்படித்தான் தொலைந்தது என்று நீங்கள் சொல்வது, அவ்வளவுதான். நீங்கள் என்ன பெறுபேறு எடுத்தீர்கள் என்பதைப் பரீட்சைத் திணைக்களம்தான் சொல்ல முடியும். பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டில் இருந்த பிறப்புச் சான்றிதழே பதிவேட்டில் இருந்து எடுத்த பிரதிதான், பதிவேடு அரசாங்கத்திடம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் புதிதாக ஒன்று எடுத்தால் அதற்கும் பழையதற்கும் மதிப்பில் வித்தியாசம் இல்லை.

முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். "ஆவணங்கள் தொலைந்தன" என்று மொத்தமாக எழுதவிடாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், பரீட்சை, ஆண்டு, சுட்டெண் உட்பட. அடையாள அட்டையும் போயிருந்தால் அந்த முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம சேவகரிடம் போக வேண்டும்.

அப்புறம் பெறுபேறு. doenets.lk வழியாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் சுட்டெண் வேண்டும், பலர் நிற்பது இந்த இடத்தில்தான். சேறு பட்ட சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை கொண்டுவந்த தாளில் பெயரே அழிந்திருந்தது, மூலையில் சுட்டெண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது, பாடசாலையில் இருந்த பெறுபேற்றுப் பட்டியலை வைத்து அதிபர் மிச்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஈரத் தாளை வெயிலில் காயப் போடாமல் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள்.

சத்தியக்கடதாசி உண்மையில் கைகொடுப்பது பெயர்ச் சிக்கலில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் என்று வரும். புதுப் பிரதிகள் வந்ததும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இருக்கிறபடியே எல்லாப் பெயரையும் எழுதி, இவை யாவும் என்னையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிடுங்கள். கையொப்பத்தை வீட்டில் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அவர் முன்னால்தான் போட வேண்டும். அந்தக் கடதாசியிலேயே வெள்ளம் வந்த திகதி, தொலைந்தவை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். பிரதி வருமுன் எழுதினால் எந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் திரும்ப ஒருமுறை எழுத வேண்டி வரும்.

முடிவுத் திகதிக்குள் பரீட்சைச் சான்றிதழ் வராவிட்டால் இணையத்தில் எடுத்த பெறுபேற்றுத் தாள், விண்ணப்பித்த பற்றுச்சீட்டு, பொலிஸ் பிரதி மூன்றையும் ஒரு கடிதத்தோடு இணைத்து அனுப்பிவிட்டு, விண்ணப்பம் கோரிய கல்வி அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லி வையுங்கள். மூலப் பிரதிகளை நேர்முகத் தேர்வில்தான் சரிபார்ப்பார்கள், அன்றைக்கு அது கையில் இருக்க வேண்டும்.