தலைப்பு ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். அடுத்த வாரம் ஒரு கருத்தரங்கில் பேச்சாளரை நான் அறிமுகப்படுத்த வேண்டும். அவர் தன் ஸ்லைடுகளை மட்டும் அனுப்பியிருக்கிறார். முதலில் தலைப்பு, அடுத்ததில் அவரைப் பற்றி ஏழெட்டு வரிகள், கீழே நான்கு லோகோக்கள். அதை அப்படியே வாசித்துவிடலாமா?
ச.

அன்புள்ள ச.,

வேண்டாம். நீங்கள் மேடையை விட்டு இறங்கியதும் அதே ஸ்லைடு திரையில் வரும். கூட்டம் கேட்டதையே மறுபடி படிக்கும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். தலைப்பு: ‘ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்கள்: பிழை எங்கே தொடங்குகிறது?’ அடுத்த ஸ்லைடில் இப்படி இருக்கிறது: மருந்தாளுநர், 17 ஆண்டு அனுபவம், தற்போது மருந்துப் பாதுகாப்புக் குழுத் தலைவர், 9 ஆய்வுக் கட்டுரைகள், 2 விருதுகள், செவிலியர்களுக்குப் பயிற்சி, புகைப்படக் கலையில் ஆர்வம்.

ஒவ்வொரு வரியையும் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தை இவர் பேசினால் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு அந்த வரி பதில் சொல்கிறதா? அனுபவமும் குழுவும் பயிற்சியும் சொல்கின்றன. எதற்கான விருது என்று ஸ்லைடில் இல்லை, விட்டுவிடலாம். கட்டுரைகளின் எண்ணிக்கையும் புகைப்படமும் இங்கே தேவையில்லை. மிஞ்சியதைப் பேச்சுநடையில் எழுதினால்:

“கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துப் பெயர்கள். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நோயாளியின் கைக்குப் போய்விடுகிறது. இந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்று இன்று சொல்லப்போகிறவர், 17 ஆண்டுகளாக மருந்தாளுநர். மருந்துப் பாதுகாப்புக் குழு ஒன்றின் தலைவர். செவிலியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறார். வரவேற்போம்...”

பெயர் இதற்குப் பிறகுதான். பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழும், அவரும் எழுந்து வருவார். நிதானமாக வாசித்தால் அரை நிமிடம் ஆகும், ஒரு நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். பிழை எங்கே தொடங்குகிறது என்ற பதில் பின்னால் எந்த ஸ்லைடில் இருந்தாலும் அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அது அவருடையது.

அப்புறம் அந்த லோகோக்கள். அவர் வேலை பார்த்த இடங்களாக இருக்கலாம், பயிற்சி கொடுத்த இடங்களாகவும் இருக்கலாம், ஆய்வுக்குப் பணம் தந்தவர்களாகவும் இருக்கலாம். ஒருமுறை நான் “இந்த நிறுவனங்களில் பணியாற்றியவர்” என்று சொல்லிவிட்டேன். அவர் அங்கெல்லாம் ஒருநாள் பயிற்சிதான் நடத்தியிருந்தார். பாவம், தன் பேச்சையே அந்தத் திருத்தத்தோடு தொடங்க வேண்டியதாயிற்று. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

“தற்போது” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஸ்லைடுகளைப் பலரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். தலைப்பு ஸ்லைடின் அடியில் பழைய தேதியோ வேறு நிகழ்ச்சியின் பெயரோ இருந்தால், அடுத்த ஸ்லைடும் அந்தக் காலத்தது என்றே கொள்ளுங்கள்.

எழுதியதை அவருக்கே அனுப்பி மூன்று கேள்விகள் கேளுங்கள்: பதவி இப்போதும் இதுதானா, லோகோக்களோடு என்ன தொடர்பு, பெயரை எப்படி உச்சரிப்பது? உச்சரிப்பைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் லோகோக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். “குழுவின் தலைவர்” என்பதை “குழுவை வழிநடத்தியவர்” என்று மாற்றுங்கள், “17 ஆண்டுகளுக்கும் மேலாக” என்று சொல்லுங்கள். ஸ்லைடு பழையதாக இருந்தாலும் இந்த இரண்டும் பொய்யாகாது.