கோவைப் போட்டிக்குக் கிரிக்கெட் பை: எது அணிக்கு, எது அவரவருக்கு?

கேள்வி: தக்கலை அருகே உள்ள கல்லூரி எங்களுடையது. அடுத்த மாதம் கோவையில் நடக்கும் தோல்பந்துப் போட்டிக்கு 16 பேர் ரயிலில் போகிறோம். நிர்வாகம் தரும் பணத்தில் ஆளுக்கொரு செட் வாங்க முடியாது. எதைப் பொதுவாக வாங்கலாம், எதை மாணவர்களே கொண்டுவர வேண்டும்? – அணிச் செயலாளர்

பதில்: 16 பேர் என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேட் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று பாருங்கள். களத்தில் இருவர், அடுத்து இறங்கத் தயாராக ஒருவர், அவருக்குப் பின்னால் கட்டத் தொடங்கும் ஒருவர். ஆகவே பேடும் பேட்டிங் கையுறையும் நான்கு செட் போதும். மூன்றோடு நிறுத்தினால் அடுத்தடுத்து விக்கெட் விழும்போது சிக்கல். எம்.சி.சி. விதிப்படி அடுத்த ஆட்டக்காரர் 3 நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். இருபது ஓவர் ஆட்டங்களில் நேரம் இன்னும் குறைவு. கையுறை வாங்கும்போது உங்கள் அணியின் இடதுகை ஆட்டக்காரர்களை எண்ணிக்கொள்ளுங்கள். மட்டைக் கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்குத்தான் கூடுதல் காப்பு இருக்கும். எனவே வலதுகை ஆட்டக்காரருக்கான கையுறை அவர்களுக்கு உதவாது. விக்கெட் கீப்பருக்குத் தனியாக ஒரு செட் வேண்டும்.

பணத்தின் பெரும்பகுதி ஹெல்மெட்டுக்குப் போகட்டும். அதுவும் நான்கு போதும். நாம் பந்துவீசும்போது ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பரும் ஷார்ட் லெக்கில் நிற்பவரும் அவற்றையே போட்டுக்கொள்ளலாம். புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்து எல்லோருடைய தலையையும் அளந்துவிட்டு, பின்பக்கம் திருகி இறுக்கும் வகையைக் கேளுங்கள். உள்ளே BS 7928:2013 என்ற குறியீடு இருக்கிறதா, பெரியவர்கள் ஆடும் பந்துக்கானதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு தோல்பந்தைக் கேட்டு வாங்கி, முன்விளிம்புக்கும் கம்பிவலைக்கும் இடையே தள்ளிப் பாருங்கள். பந்து நுழைந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

கல்லூரி அறையில் பழைய ஹெல்மெட் இருந்தால் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நம் மாவட்டத்தின் உப்புக்காற்றில் வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே காதோரத் திருகாணி துருப்பிடித்திருக்கும். கம்பி ஆடினால் அடிபடும்போது அது முகத்தை நோக்கி நகரும். திருகாணியை மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், ஒதுக்கிவிடுங்கள்.

உடம்பை ஒட்டிக் கிடப்பவை அனைத்தும் அவரவருடையவை. இடுப்புக் கார்டு, கையுறைக்கு உள்ளே போடும் இன்னர், தொடைப் பேடு, தொப்பி, துண்டு ஆகியவற்றைப் பொதுப்பையில் போடவே கூடாது. ஈரத்தோடு கைமாறும் இன்னரும் கார்டும் படர்தாமரையை அணி முழுவதும் பரப்பிவிடும். கார்டும் இன்னரும் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதையும் வாங்க முடியாத மாணவருக்கு அணிப் பணத்தில் புதிதாக வாங்கிப் பெயர் எழுதிக் கொடுங்கள்.

காலணி வாங்குவதற்கு முன் போட்டி நடத்துவோரிடம் ஒரு போன் போட்டு, ஆடுகளம் புல்தரையா, மேட்டிங்கா என்று கேளுங்கள். மேட்டிங்கில் இரும்பு ஸ்பைக் பாயைக் கிழிக்கும், காலையும் மாட்டிவிடும்; அதற்கு ரப்பர் குமிழ் வைத்த அடிப்பாகம் வேண்டும். பந்து வெள்ளையா சிவப்பா, ஆட்டத்துக்கான பந்தை அணிகளே கொண்டுவர வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

மட்டைக்கு இப்போது பணம் செலவழிக்காதீர்கள். புது மட்டையை மரச் சுத்தியலால் பல மணி நேரம், விளிம்பிலும் அடிமுனையிலும் தட்டிப் பதப்படுத்த வேண்டும். ‘தட்டியாகிவிட்டது’ என்று கடைக்காரர் சொன்னாலும் பழைய பந்தில் சில நாள் பயிற்சி தேவை. அவசரமாக இறக்கினால் யார்க்கரில் அடிமுனை பிளக்கும். மாணவர்களின் பழகிய மட்டைகளில் ஐந்தாறை எடுத்துக்கொண்டு, புது கிரிப்பும் ஃபைபர் டேப்பும் வாங்கினால் போதும்.

ரயிலில் ஸ்லீப்பர் பயணிக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் எடை தொல்லை தராது. ஒரே பெரிய பையாக இல்லாமல் நடுத்தரமான இரண்டு பைகளாகக் கட்டினால் கீழ் இருக்கைக்கு அடியில் போகும். ஒரு பையில் பேடெல்லாம், இன்னொன்றில் ஹெல்மெட்டெல்லாம் என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முழு செட் இருக்கட்டும். ஒரு பை தவறினாலும் மற்றொன்றை வைத்து ஆடிவிடலாம். பையின் மூடிக்கு உள்பக்கம் பட்டியலை ஒட்டி, பைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பில்லைக் கல்லூரிப் பெயரில், ஹெல்மெட்டின் மாடலும் அளவும் எழுதி வாங்குங்கள். அளவு சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய அன்று மாலையே எல்லோரையும் போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். கோவைக்குப் போன பிறகு நாகர்கோவில் கடையில் மாற்ற வழியில்லை.